இருப்பாய்வில் நின்ற ஐந்து லட்சம்: பி.எஃப்., இ.எஸ்.ஐ. முதலாளி பங்கைக் கணக்கில் ஏற்றியபோது கண்டவை

2024ஆம் ஆண்டு மே மாதம், கோயம்புத்தூரில் லேத் வேலை செய்து கொடுக்கும் ஒரு கூட்டாண்மை நிறுவனத்தின் கணக்குகளைத் தணிக்கைக்கு முன் ஒழுங்குபடுத்தித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. அங்கே 23 தொழிலாளர்களும் ஒரு மேற்பார்வையாளரும் வேலை பார்த்தார்கள். இருப்பாய்வைப் பார்த்தவுடன் என் கண் நின்ற இடம், கொடுபட வேண்டிய பொறுப்புகளின் கீழ் இருந்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. பேரேடுகள்தான். இரண்டும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கு மேல் வரவு இருப்பைக் காட்டின. அவ்வளவு பாக்கி வைத்திருந்தால் இரண்டு அலுவலகங்களிலிருந்தும் எப்போதோ அறிவிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் சலான்களை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு மாதமும் பணம் கட்டப்பட்டே இருந்தது.

கணக்குகளைக் கவனித்துவந்த பெண் பொறுப்பானவர். சலான்களை மாதவாரியாகக் கோப்பில் தைத்து வைத்திருந்தார். "எல்லாமே கட்டியாச்சுங்க சார், ஒரு மாசம் கூட பாக்கி இல்ல" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. பணம் பாக்கியில்லை, கணக்கில் மட்டும் பாக்கி நிற்கிறது என்றால், கட்டிய பணம் பொறுப்புக் கணக்கில் பற்றாகாமல் வேறெங்கோ பற்றாகியிருக்கிறது என்றுதான் பொருள். அது எங்கே போனது, ஏன் போனது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுத நினைக்கிறேன்; ஏனென்றால் இதே பிழையை அதற்குப் பின்னும் வேறு இரண்டு இடங்களில் பார்த்துவிட்டேன்.

முதலில், 2023-24இல் இருந்த விதிகளின்படி, ஒரே ஒரு தொழிலாளியின் ஒரு மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000 ரூபாய், வீட்டு வாடகைப்படியும் பிறவும் 4,000 ரூபாய், ஆக மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய். பி.எஃப். பிடித்தம் 14,000 ரூபாயில் 12 விழுக்காடு, அதாவது 1,680 ரூபாய். இ.எஸ்.ஐ. பிடித்தம் 18,000 ரூபாயில் 0.75 விழுக்காடு, அதாவது 135 ரூபாய். இந்த இரண்டும் போக அவர் கைக்கு 16,185 ரூபாய் வருகிறது. இந்த 1,680, 135 ஆகிய இரண்டும் தொழிலாளியின் பணம். 18,000 ரூபாய் என்ற செலவுக்குள் ஏற்கெனவே அடங்கியவை. நிறுவனம் அவற்றை அவரிடமிருந்து பிடித்து, உரிய இடத்தில் கட்டும்வரை கையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலாளி பங்கு இதற்கு வெளியே நிற்பது. அதே 14,000 ரூபாய்க்கு நிறுவனம் தன் பங்காக 12 விழுக்காடு, 1,680 ரூபாய் போட வேண்டும். அதில் 8.33 விழுக்காடான 1,166 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கும், மீதி 514 ரூபாய் வைப்பு நிதிக்கும் போகிறது. இவற்றுக்கு மேல் வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டுத் திட்டத்துக்கு 0.5 விழுக்காடு 70 ரூபாய், நிர்வாகக் கட்டணம் 0.5 விழுக்காடு இன்னொரு 70 ரூபாய். காப்பீட்டுக்கும் நிர்வாகக் கட்டணத்துக்கும் தொழிலாளியிடம் ஒரு பைசாவும் பிடிக்கக் கூடாது. இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு 3.25 விழுக்காடு, 585 ரூபாய். எல்லாம் கூட்டினால் 2,405 ரூபாய். ஆகவே அந்தத் தொழிலாளிக்கு நிறுவனம் செய்யும் செலவு 18,000 அன்று, 20,405 ரூபாய். கணக்கேட்டில் செலவாக ஏற வேண்டியவை 18,000 ரூபாயும் 2,405 ரூபாயும் மட்டுமே.

இனி அந்தப் பட்டறையின் ஒரு மாதம் முழுவதையும் பார்க்கலாம். ஆண்டு முழுவதும் ஆட்களும் சம்பளமும் கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் வாசிப்பவருக்குக் கணக்குத் தெளிவாக விளங்குவதற்காக எல்லா மாதங்களுக்கும் ஒரே தொகை என்று வைத்துக்கொள்கிறேன். மொத்தச் சம்பளம் 4,30,000 ரூபாய். பி.எஃப். கணக்கிடப்படும் சம்பளம் 3,32,000 ரூபாய். அதில் 3,10,000 ரூபாய் தொழிலாளர்களுடையது. அவர்களில் யாருக்கும் அது 15,000 ரூபாயைத் தாண்டவில்லை. மீதி 22,000 ரூபாய் மேற்பார்வையாளருடையது. அவர் 2014 செப்டம்பரில் ஊதிய உச்சவரம்பு 15,000 ஆக உயர்வதற்கு முன்பே உறுப்பினரானவர். நிறுவனம் அவருக்கு முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்டிவருகிறது. அவர் மொத்தச் சம்பளம் 28,000 ரூபாய் என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது. இ.எஸ்.ஐ.க்கு உரிய சம்பளம் மீதி 4,02,000 ரூபாய்.

தொழிலாளி பங்கு பி.எஃப். 39,840 ரூபாய், இ.எஸ்.ஐ. 3,026 ரூபாய். 4,02,000 ரூபாயில் 0.75 விழுக்காடு 3,015 தானே என்று கேட்கலாம். இ.எஸ்.ஐ.யில் ஒவ்வொருவர் பிடித்தமும் அடுத்த முழு ரூபாய்க்கு உயர்த்தப்படும். 23 பேருக்கு அப்படி உயர்ந்ததில் வந்த வித்தியாசம்தான் அந்த 11 ரூபாய். மொத்தத்தின் மேல் விழுக்காடு போட்டுப் பதிவு எழுதுகிறவர்களுக்கு இந்தச் சில்லறை மாதந்தோறும் பொறுப்புக் கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். எனவே தொகையை ஆள்வாரியான பட்டியலிலிருந்தே எடுப்பது நல்லது.

முதலாளி பங்கில் ஓய்வூதியத்துக்குப் போவது 27,073 ரூபாய்: தொழிலாளர்களுக்கு 25,823, மேற்பார்வையாளருக்கு 1,250. அவருக்கு 22,000 ரூபாயில் 8.33 விழுக்காடு போடக் கூடாது; ஓய்வூதியப் பங்கு 15,000 ரூபாய் வரம்போடு நின்றுவிடும். அவருக்கான 12 விழுக்காட்டில் மீதி 1,390 ரூபாய் வைப்பு நிதிக்கே போகும். காப்பீட்டுக்கும் அதே 15,000 வரம்பு உண்டு. ஆகவே 3,25,000 ரூபாய்க்கு 1,625. நிர்வாகக் கட்டணத்துக்கு அந்த வரம்பு இல்லை. முழு 3,32,000 ரூபாய்க்கு 1,660. சின்ன நிறுவனங்களில் நிர்வாகக் கட்டணம் மாதம் 500 ரூபாய்க்குக் கீழே இறங்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இவ்வாறு பி.எஃப். சலானில் முதலாளி கட்ட வேண்டியது 39,840, 1,625, 1,660 ஆகியவை சேர்ந்து 43,125 ரூபாய். இ.எஸ்.ஐ.யில் 13,065 ரூபாய். ஆக, அந்த மாதத்தின் முதலாளி பங்குச் செலவு 56,190 ரூபாய்.

மாதக் கடைசித் தேதியில் எழுத வேண்டிய பதிவுகள் இரண்டு. முதற்பதிவில் சம்பளக் கணக்கில் 4,30,000 ரூபாய் பற்று, எதிரே பி.எஃப். தொழிலாளி பங்கு கொடுபட வேண்டியதில் 39,840, இ.எஸ்.ஐ. தொழிலாளி பங்கு கொடுபட வேண்டியதில் 3,026, சம்பளம் கொடுபட வேண்டியதில் 3,87,134 ரூபாய் வரவு. இரண்டாம் பதிவில் பி.எஃப். முதலாளி பங்குச் செலவில் 39,840, காப்பீடும் நிர்வாகக் கட்டணமும் என்ற செலவில் 3,285, இ.எஸ்.ஐ. முதலாளி பங்குச் செலவில் 13,065 ரூபாய் பற்று, எதிரே பி.எஃப். முதலாளி பங்கு கொடுபட வேண்டியதில் 43,125, இ.எஸ்.ஐ. முதலாளி பங்கு கொடுபட வேண்டியதில் 13,065 ரூபாய் வரவு. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் 82,965 ரூபாய்க்கு பி.எஃப். சலானும், 16,091 ரூபாய்க்கு இ.எஸ்.ஐ. சலானும் கட்டும்போது, பற்று எழுத வேண்டியது இந்த நான்கு பொறுப்புக் கணக்குகளில்தான். பணம் கட்டும் நாளில் எந்தச் செலவுக் கணக்கையும் தொட வேண்டிய தேவையே இல்லை.

அந்தப் பட்டறையில் நடந்தது என்னவென்றால், 2023 மார்ச்சு வரை எல்லாம் கைக்கணக்கு. கைக்குக் கொடுத்த நிகரச் சம்பளத்தை மட்டும் சம்பளச் செலவாக எழுதுவார்கள். சலான் கட்டியவுடன் அதன் முழுத் தொகையையும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலவு என்று எழுதுவார்கள். இது அழகான முறை அல்ல. ஆனால் தொழிலாளி பங்கு ஒருமுறைதான் செலவாக ஏறுகிறது, அது சம்பளத்தில் ஏறாமல் சலானில் ஏறுகிறது. எனவே ஆண்டுக் கணக்கில் ஒரு மாதம் தள்ளிப்போவதைத் தவிரப் பெரிய கெடுதல் இல்லை. 2023 ஏப்ரலில் சம்பளத்துக்குக் கணினி மென்பொருள் வந்தது. அது மொத்தச் சம்பளத்தைச் செலவில் ஏற்றிப் பிடித்தங்களைத் தானாகவே பொறுப்புக் கணக்குகளில் வரவு வைக்கத் தொடங்கியது. சலான் பதிவு மட்டும் பழைய வழக்கத்திலேயே தொடர்ந்தது. தனித்தனியே ஓரளவு சரியாக இருந்த இரண்டு முறைகளில் பாதிப்பாதியை ஒட்டவைத்ததில், தொழிலாளி பங்கு சம்பளத்துக்குள் ஒருமுறையும் சலானுக்குள் ஒருமுறையுமாக இரண்டு தடவை செலவானது. பொறுப்புக் கணக்கில் வரவானது அப்படியே நின்றது. மாதம் 42,866 ரூபாய் வீதம் 12 மாதங்களுக்கு 5,14,392 ரூபாய். நான் முதலில் பார்த்த எண் அதுதான்.

மென்பொருளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டேலியில் பிடித்தங்களுக்கு `Employees' Statutory Deductions`, முதலாளி பங்குக்கு `Employer's Statutory Contributions`, நிர்வாகக் கட்டணம் போன்றவற்றுக்கு `Employer's Other Charges` என்று தனித்தனி வகைகள் உண்டு. சம்பளப் பதிவை ஓட்டியவுடன் பிடித்தம் ஏறிவிடும். முதலாளி பங்கு ஏறாது, அதைத் தனியாக ஓட்ட வேண்டும். இங்கே மென்பொருளை நிறுவிக் கொடுத்தவர் முதல் வகையை மட்டும் அமைத்துவிட்டுப் போயிருந்தார். முதலாளி பங்குக்கு மாதக் கடைசிப் பதிவே இல்லாததால், அது கணக்கில் நுழைய இருந்த ஒரே வழி சலான் கட்டும் நாள்தான். கணக்கெழுதியவர் சலானைச் செலவில் எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம். பொறுப்பில் எழுதியிருந்தால் அந்தக் கணக்கு பற்று இருப்பாக மாறியிருக்கும், அதைப் பார்த்து அவரே குழம்பியிருப்பார். அதனால் அவரை நான் குறை சொல்லவில்லை.

இந்தப் பிழையை ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்க நான் இப்போது செய்வது, ஆண்டின் பி.எஃப். செலவைப் பி.எஃப். சம்பளத்தால் வகுத்துப் பார்ப்பது. முதலாளியின் பங்கு 12, காப்பீடு அரை, நிர்வாகக் கட்டணம் அரை, ஆக 13 விழுக்காடு வர வேண்டும். 15,000 ரூபாய் வரம்பைத் தாண்டிய ஆட்கள் இருந்தால் காப்பீட்டால் அது ஒரு துளி குறையும். மேலே சொன்ன மாதத்துக்கு 12.99 வருகிறது. அந்த நிறுவனத்தின் ஏடுகளிலோ 24.99 வந்தது. 25ஐ ஒட்டிய எண்ணைக் கண்டால் தொழிலாளி பங்கும் அந்தக் கணக்குக்குள் புகுந்திருக்கிறது என்று தயங்காமல் சொல்லிவிடலாம். இ.எஸ்.ஐ.க்கு இதே சோதனையில் 3.25க்குப் பதிலாக 4 வரும். விழுக்காடு 13ஐ ஒட்டி இருந்தும் சரியாகப் பொருந்தாமல் ஒரு மாதத் தொகை அளவுக்குக் கூடவோ குறையவோ இருந்தால், பெரும்பாலும் மார்ச்சு மாதம் விடுபட்டிருக்கும், அல்லது முந்திய மார்ச்சு உள்ளே வந்திருக்கும்.

இன்னொரு சோதனை பொறுப்புக் கணக்குகளில் இருக்கிறது. 15ஆம் தேதி பணம் கட்டிய பின், அடுத்த மாதக் கடைசிப் பதிவு விழும் முன், நான்கு கணக்குகளும் பூச்சியமாக இருக்க வேண்டும். மாதக் கடைசியில் அவற்றின் கூட்டுத்தொகை அடுத்துக் கட்டப்போகும் இரண்டு சலான்களின் தொகையாக இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இருக்கக் கூடாது. பி.எஃப். தளத்தில் மாதக் கோப்பை ஏற்றிச் சலானை உருவாக்கும் முன்பே, திரையில் தெரியும் தொகையை ஏட்டோடு ஒப்பிட்டுவிட்டால், வித்தியாசம் எந்த ஆளிடம் இருக்கிறது என்று தேடிப் பிடிக்க நேரம் கிடைக்கும். கட்டிய பிறகு தேடினால் அது திருத்தப் பதிவில்தான் போய் முடியும்.

திருத்தத்துக்கு வருகிறேன். செலவுக் கணக்குகளில் அந்த ஆண்டு 12 சலான்களின் முழுத் தொகை, மாதம் 99,056 வீதம் 11,88,672 ரூபாய் ஏறியிருந்தது. ஆனால் ஏப்ரல் 2023இல் கட்டிய முதல் சலான் மார்ச்சு 2023 சம்பளத்துக்கு உரியது. முந்திய ஆண்டு ஏட்டில் அதற்கு எந்தப் பதிவும் இல்லை. அப்போது நிகரச் சம்பளம் மட்டுமே செலவாகியிருந்ததால் அந்தச் சலானில் இருந்த தொழிலாளி பங்கு இரட்டிப்பாகவில்லை. இரட்டிப்பானது ஏப்ரல் முதல் பிப்ரவரி வரையான 11 மாதங்கள்தான். நான் முதலில் அவசரத்தில் 12 மாதத்தையும் நீக்கிவிட்டுப் பார்த்தபோது மார்ச்சு 2024க்கான தொழிலாளி பங்கும் பொறுப்பிலிருந்து காணாமல் போனது. ஏப்ரல் சலானோடு ஒப்பிட்டபோதுதான் என் பிழை தெரிந்தது. மார்ச்சு 2024 பிடித்தம் ஏப்ரலில்தான் கட்டப்பட்டது. மார்ச்சு 31 அன்று அது உண்மையான பொறுப்பு.

ஆகவே பொறுப்புக் கணக்குகளில் 11 மாதத் தொகையான 4,71,526 ரூபாயைப் பற்று எழுதி, செலவுக் கணக்குகளில் வரவு வைத்தேன். மார்ச்சு 2023 சலானான 99,056 ரூபாயைச் செலவுக் கணக்கிலிருந்து எடுத்து, தணிக்கையாளரைக் கேட்டு, முந்திய காலத்துச் செலவு என்று தனியே காட்டினேன். மார்ச்சு 2024க்கான முதலாளி பங்கு 56,190 ரூபாயைச் செலவில் பற்றும் பொறுப்பில் வரவுமாக எழுதினேன். முடிவில் செலவுக் கணக்குகளில் நின்றது 6,74,280 ரூபாய். அதாவது 56,190 ரூபாயின் 12 மடங்கு. பொறுப்பில் நின்றது 99,056 ரூபாய். ஏப்ரல் 2024இல் கட்டிய இரண்டு சலான்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரூபாய்க்கு ரூபாய் பொருந்தியது.

இந்த வேலை முதலாளிக்கு அவ்வளவு பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். திருத்தத்தால் இலாபம் 4,15,336 ரூபாய் கூடியது. கூட்டாண்மை நிறுவனத்துக்கு வரி 30 விழுக்காடு, அதன் மேல் 4 விழுக்காடு மேல்வரி என்று பார்த்தால் ஏறக்குறைய 1,30,000 ரூபாய். "ஏனுங்க, பேங்க்ல இருந்து போன காசு செலவு இல்லாம வேற என்னங்க?" என்று கேட்டார். அந்தக் காசில் பாதிக்குச் சற்றுக் குறைவானது தொழிலாளிகளின் காசு, அதைச் சம்பளம் என்ற பெயரில் ஏற்கெனவே செலவில் எழுதிவிட்டோம் என்று 18,000 ரூபாய் ஆளின் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். 16,185ஐயும் 1,815ஐயும் தாமே கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

பொறுப்புக் கணக்கைத் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு என்று பிரித்து வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணமும் அந்த ஆண்டு ஏட்டிலேயே இருந்தது. 2023 ஜூலை சம்பளத்துக்கான சலான்களைக் கட்டியது ஆகஸ்டு 17ஆம் தேதி. ஆகஸ்டு 15 சுதந்திர தின விடுமுறை, 16ஆம் தேதி கையொப்பமிட வேண்டியவர் ஊரில் இல்லை. இரண்டு நாள் தாமதத்துக்கு பி.எஃப். வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு வீதம் பார்த்தால் 55 ரூபாய்தான் வரும். தாமதத்துக்கு அபராதமாக விதிக்கும் சேதத் தொகை தனி. ஆனால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி தொழிலாளியிடம் பிடித்த பங்கை நிறுவனத்தின் வருமானமாகக் கொண்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. சட்டங்கள் சொல்லும் கடைசித் தேதிக்குள் கட்டினால் மட்டுமே அதைக் கழிக்க 36(1)(va) பிரிவு இடம் தந்தது. இதில் நீண்ட நாளாக இருந்த மாறுபட்ட தீர்ப்புகளுக்கு 2022 அக்டோபர் 12 அன்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. முதலாளி பங்குக்கு நிலைமை வேறாக இருந்தது. அதே சட்டத்தின் 43பி பிரிவின்படி வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் கட்டியிருந்தால் அந்த ஆண்டிலேயே கழித்துக்கொள்ள முடிந்தது.

எனவே அந்த ஜூலை மாதத்தில் 56,190 ரூபாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. 42,866 ரூபாய் வருமானத்தோடு சேர்ந்து, 13,374 ரூபாய் வரியாகப் போனது. தணிக்கை அறிக்கையோடு சேரும் 3சிடி படிவத்தில் தொழிலாளி பங்கை மாதவாரியாக, உரிய தேதி, கட்டிய தேதி இரண்டையும் போட்டு எழுத வேண்டியிருந்தது. ஒரே பொறுப்புக் கணக்கில் இரண்டையும் கலந்து வைத்திருந்தால் அந்தப் பட்டியலைச் சலான் சலானாகப் பிரித்தெடுப்பதில் இரண்டு நாள் போய்விடும், எனக்கும் போனது. அதோடு, பதிவின் விவரக் குறிப்பில் கட்டிய மாதத்தை எழுதாமல் சம்பள மாதத்தை எழுத வேண்டும். 'ஆகஸ்டு பி.எஃப்.' என்று மட்டும் இருந்தால் அது ஆகஸ்டில் கட்டிய ஜூலைப் பணமா, செப்டம்பரில் கட்டிய ஆகஸ்டுப் பணமா என்று ஓர் ஆண்டு கழித்து யாராலும் சொல்ல முடியாது. தாமத வட்டியையும் சேதத் தொகையையும் முதலாளி பங்குச் செலவில் சேர்க்காமல் தனிக் கணக்கில் வைத்தால், மேலே சொன்ன 13 விழுக்காட்டுச் சோதனையும் கெடாது.

செலவுப் பக்கத்தில் மட்டும் அளவுக்கு மீறிப் பிரிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஓய்வூதியத்துக்கு ஒரு செலவுக் கணக்கு, வைப்பு நிதிக்கு ஒரு செலவுக் கணக்கு என்று சலானின் ஒவ்வொரு வரிக்கும் பேரேடு திறப்பவர்கள் இருக்கிறார்கள். 58 வயது முடிந்த தொழிலாளிக்கு ஓய்வூதியப் பங்கு நின்று முழு 12 விழுக்காடும் வைப்பு நிதிக்குத் திரும்பிவிடும். நிறுவனத்தின் செலவில் அதனால் ஒரு ரூபாயும் மாறாது. பணம் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்பது சலானின் கவலை. கணக்கேட்டுக்கு எவ்வளவு செலவு என்பது போதும்.

இ.எஸ்.ஐ.யில் மட்டும் இரண்டு இடங்களில் முதலாளி பங்கு குறைந்து ஏறுவதைப் பார்த்தேன். ஒன்று, மிகைநேரக் கூலி. அந்த ஆண்டு இருந்த விதிப்படி, ஒருவர் 21,000 ரூபாய் வரம்புக்குள் இருக்கிறாரா என்று பார்க்கும்போது மிகைநேரக் கூலியைச் சேர்ப்பதில்லை. ஆனால் பங்களிப்பைக் கணக்கிடும்போது சேர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டறையில் தீபாவளிக்கு முந்திய மாதம் மிகைநேர வேலை நிறைய இருந்தது. அந்தக் கூலியைத் தனிப் பட்டியலில் ரொக்கமாகக் கொடுத்ததால் அதற்கு இ.எஸ்.ஐ. போடவே இல்லை. இன்னொன்று, அக்டோபரில் தொடங்கிய பங்களிப்புக் காலத்தின் நடுவே, டிசம்பரில், ஒருவருடைய சம்பளம் 20,500இலிருந்து 22,000 ஆனது. வரம்பைத் தாண்டிவிட்டார் என்று டிசம்பரிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். மார்ச்சு 31 வரை, அதுவும் முழு 22,000 ரூபாய்க்கும் கட்டியிருக்க வேண்டும். நான்கு மாதங்களுக்கு முதலாளி பங்கு மாதம் 715 ரூபாயும் தொழிலாளி பங்கு 165 ரூபாயும் விடுபட்டிருந்தன. இந்த இரண்டு விடுதல்களையும் மேலே காட்டிய மாதக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. தொழிலாளி பங்கைக் கடந்துபோன மாதங்களுக்காக அவரிடம் திரும்பப் பிடிக்க முடியாது என்பதால் அதையும் நிறுவனமே ஏற்றது. அந்தத் தொகையை மட்டும் முதலாளி பங்குச் செலவில் கலக்காமல் வேறாகக் காட்டினேன்.

ஜூன் மாதத்தில் மென்பொருளில் முதலாளி பங்கின் வகைகளை அமைத்து, முதல் தடவை அந்தப் பெண்ணையே ஓட்டச் சொன்னேன். மாதக் கடைசியில் செலவு ஏறி, 15ஆம் தேதிக்கு முன் சலான் கட்டி, நான்கு கணக்குகளும் பூச்சியமாக நின்றதைத் திரையில் காட்டினார். அதே வாரம் முதலாளி ஒரு வேலைக்கு விலை சொல்வதற்காக ஒரு மணிநேரக் கூலி எவ்வளவு விழுகிறது என்று கேட்டார். அதுவரை அவர் 18,000 ரூபாயை 208 மணியால் வகுத்து 86 ரூபாய் 50 பைசா என்று வைத்துக்கொண்டிருந்தார். 20,405 ரூபாயை வகுத்து 98 ரூபாய் 10 பைசா என்றேன். அந்த விலைப்புள்ளியை அவர் திருத்தி அனுப்பினார்.